உறை போடுவதற்கு முன் ஒரு விடியற்காலை

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையிலோ மருத்துவமனையிலோ காத்திருக்கும்போது அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். வெள்ளைக் கூரைத் தகட்டில் மஞ்சள் கறை, அதன் நடுவில் ஒரு துளி. கீழே யாரோ வைத்த பிளாஸ்டிக் வாளி. கேட்டால், "ஏசி தண்ணிங்க" என்பார்கள்.

ஏசி தண்ணீர் குழாயிலிருந்து வருவதானால் அது இரண்டில் ஒன்று. கூரைக்கு மேலே ஓடும் குளிர்நீர்க் குழாயின் வெளிப்புறம் வியர்த்திருக்கலாம், அல்லது குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே கசிந்திருக்கலாம். முதலாவதற்குக் குழாய்மேல் சுற்றிய உறையைச் சரிசெய்தால் போதும். இரண்டாவதற்குக் குழாயையே வெட்டி ஒட்ட வேண்டும். ஆனால் கீழே நிற்பவருக்கு எது என்று தெரியாது. பெரும்பாலும் மேலே ஏறிப் பார்ப்பவருக்கும் தெரியாது, ஏனென்றால் குழாயைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் உறை இருக்கிறது. உறைக்கும் குழாய்க்கும் நடுவில் புகுந்த தண்ணீர் சரிவு இருக்கும் பக்கம் ஓடி, பத்து மீட்டர் தள்ளி உறையின் ஏதாவது ஒரு விளிம்பில் சொட்டும். சொட்டும் இடமும் ஓட்டையும் ஒன்றல்ல.

இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்காமல் தடுக்க ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. குழாய் ஒட்டி முடிந்து, உறை இன்னும் போடாமல் வெறும் இரும்பாகத் தொங்கும் அந்தச் சில நாட்கள். அப்போது அதற்குள் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும்போது வரப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்க்கிறார்கள். இதை நீரழுத்தச் சோதனை என்போம். தளத்தில் எல்லோரும் சொல்வது ஹைட்ரோ டெஸ்ட்.

ஆலையில் பார்த்ததை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்

கட்டடத்துக்குப் பணம் போடுபவர் நியாயமாகவே கேட்கும் கேள்வி இது. இந்தியத் தர நிர்ணய விதி 1239-இன்படி செய்த இரும்புக் குழாய் ஒவ்வொன்றும் ஆலையிலேயே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 கிலோ நீரழுத்தத்தைத் தாங்கிய பிறகுதான் வெளியே வருகிறது. நம் கட்டடத்தில் வரப்போவதோ 5 அல்லது 6 கிலோ. பிறகு எதற்குச் சோதனை?

ஆறு அங்குலக் கனமான குழாயில் 12 கிலோ அழுத்தம் ஏற்றினாலும், அதன் சுவர் தாங்கும் இழுவிசை அந்த இரும்பு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழாய் வெடிக்குமா என்று நாம் பார்க்கவில்லை. நாம் பார்ப்பது அந்தக் குழாயை இன்னொரு குழாயோடு சேர்த்த இடத்தை: ஏணிமேல் நின்று, தலைக்கு மேல் கை நீட்டி, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் இடுக்கில் வைத்த வெல்டிங். இரண்டு பிளாஞ்ச் தகடுகளுக்கு நடுவே வைத்த ரப்பர் வளையம். கேஜ் மாட்டுவதற்காக மரை வெட்டிய அரை அங்குலத் துண்டு. இவை எதையும் ஆலை பார்க்கவில்லை. கசிவுகள் பிறப்பதும் இங்கேதான்.

எத்தனை கிலோ, எந்த இடத்தில்

வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பதுதான் கட்டடக் குழாய்களுக்குப் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் குழாய் விதித்தொகுப்பும் அதையே சொல்கிறது. வரைபடத்தில் 6 கிலோ என்றிருந்தால் சோதனை 9 கிலோ. இதுவரை எளிது. ஆனால் 9 கிலோ எந்த இடத்தில்?

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர். அதன் உச்சியிலிருந்து தரைவரை ஒரு குழாயை இறக்கித் தண்ணீர் நிரப்பினால் அடியில் 5.2 கிலோ அழுத்தம் இருக்கும். குழாய் விரல் பருமனாக இருந்தாலும் சரி, தெப்பக்குளம் அளவு அகலமாக இருந்தாலும் சரி, அதே 5.2 தான். தண்ணீரின் அழுத்தம் பார்ப்பது உயரத்தை மட்டும். 10 மீட்டருக்கு ஒரு கிலோ.

ஆகவே உயரமான கட்டடத்தில் ஒரே குழாய்க்குள் மேலே ஓர் அழுத்தம், கீழே வேறோர் அழுத்தம். சில ஆண்டுகளுக்கு முன் மதுரைச் சுற்றுச்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் நான் இந்தச் சோதனையில் நின்றிருக்கிறேன். அதன் எண்களைக் கணக்குக்கு எளிதாகச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். குளிர்விக்கும் இயந்திரமும் பம்பும் மொட்டை மாடியில். அங்கிருந்து தரைத்தளம்வரை 24 மீட்டர் உயரம். ஆறு அங்குலக் குழாய், மொத்தம் 120 மீட்டர். முழு அமைப்புக்கும் வடிவமைப்பு அழுத்தம் 6 கிலோ.

முதல் நாள் கேஜ் தரைத்தளத்தில் மட்டும் இருந்தது. முள் 9-ஐத் தொட்டதும் பம்பை நிறுத்தப் போனார்கள். அங்கே 9 என்றால் மாடியில் 24 மீட்டர் உயரத்துக்கான 2.4 கழிந்து 6.6 தான் இருக்கும். பம்பின் வாயிலேயே, எல்லாவற்றிலும் அதிகம் அதிரப்போகும் இணைப்புகளுக்கு, சோதனையே நடக்கவில்லை என்று பொருள். மாடியில் 9 வேண்டுமானால் கீழே 11.4 ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் கீழே உள்ள வால்வுகள் 11.4-ஐத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அங்கிருந்தவை 16 கிலோ வகை, எனவே இடம் இருந்தது. மாடியில் இன்னொரு கேஜ் மாட்டினோம். இரண்டு முள்ளுக்கும் நடுவே எப்போதும் 2.4 வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கேஜ் பொய் சொல்கிறது, அல்லது நடுவில் ஒரு வால்வு மூடியிருக்கிறது.

காற்றுக்கு ஏன் அனுமதி இல்லை

கோடையில் மதுரைப் பக்கம் தளத்தில் தண்ணீர் கிடைப்பது பெரும்பாடு. அந்தக் குழாய் நிறைய 2,240 லிட்டர் வேண்டும். "கம்ப்ரஸர் இருக்கு சார், காத்துல டெஸ்ட் பண்ணிரலாமே" என்று யாராவது கேட்பார்கள். அன்றும் கேட்டார்கள்.

தண்ணீரை அமுக்குவது மிகக் கடினம். 1,000 லிட்டர் தண்ணீரை 10 கிலோ அழுத்தத்துக்கு ஏற்றினால் அது அரை லிட்டர்கூடச் சுருங்காது. சுருங்காத பொருளில் ஆற்றலைச் சேமித்து வைக்க முடியாது. அந்த 1,000 லிட்டரில் சேர்ந்திருக்கும் ஆற்றல், இருபது கிலோ அரிசிச் சிப்பம் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஓர் இணைப்பு விட்டுப்போனால் சீறும், கொஞ்சம் தெறிக்கும், உடனே அழுத்தம் இறங்கிவிடும்.

அதே 1,000 லிட்டர் இடத்தில் 10 கிலோவுக்கு அமுக்கிய காற்று இருந்தால், பத்து டன் லாரியை நாலு மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் உள்ளே சுருண்டு கிடக்கும். தண்ணீரில் இருப்பதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. விட்டுப்போகும் மூடி குண்டாகப் பறக்கும். காற்றில் சோதிக்கவும் விதிகள் உண்டு. ஆனால் அவை குறைந்த அழுத்தத்துக்கும், ஆட்களை விலக்கி, விடுவிப்பு வால்வு வைத்துச் செய்யும் தனி ஏற்பாட்டுக்கும் உரியவை. தண்ணீர் இல்லை என்பதற்காகச் செய்வதல்ல. சோதனை முடிந்த நீரைத் தொட்டியில் பிடித்துக் கட்டட வேலைக்கே பயன்படுத்தலாம்.

தண்ணீர்ச் சோதனையிலும் குழாயின் உச்சியில் காற்று தங்கிவிட்டால் அந்த ஆபத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். அதனால்தான் தண்ணீரை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுவார்கள். உச்சியில் உள்ள காற்றுப்போக்கிகள் எல்லாம் திறந்திருக்கும். முதலில் காற்று ஊதும், பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும், கடைசியில் இழை அறாமல் ஒழுகும். அப்போதுதான் மூட வேண்டும்.

காற்று உள்ளே இருக்கிறதா என்று வெளியிலிருந்தே அறிய ஓர் அழகான வழி உண்டு. எங்கள் குழாய் நிரம்பிய பிறகு, பூச்சியத்திலிருந்து 10 கிலோ ஏற்றக் கூடுதலாக எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கிட்டோம். தண்ணீர் சுருங்குவதையும் இரும்பு சற்றே விரிவதையும் சேர்த்தால் 1.3 லிட்டர். 120 மீட்டர் குழாய்க்கு ஒரு பெரிய குடிநீர்ப் பாட்டில் அளவு, அவ்வளவுதான். கைப்பம்பின் தொட்டியில் அளந்து ஊற்றினோம். நாலு லிட்டர் போயும் முள் சோம்பலாகவே ஏறியது. பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, மாடிக்குப் போய்த் தேடினோம். ஒரு வளைவின் முதுகில் இருந்த காற்றுப்போக்கியை யாரும் திறக்கவே இல்லை.

முள்ளை நகர்த்தும் வெயில்

காற்றை விரட்டி, காலை ஏழு மணி சுமாருக்குக் கீழே 11.4 ஏற்றி, பம்பை மூடினோம். பம்பைக் குழாயிலிருந்து வால்வு மூலம் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் பம்பின் கசிவு குழாயின் கசிவாகத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பிட்டர் வந்து நின்றார். "சார், பம்பு நிறுத்தியாச்சு. முள்ளு ஏறுது."

போய்ப் பார்த்தால் 13.8.

மொட்டை மாடியில் கிடந்த நாற்பது மீட்டர் குழாய்மேல் வெயில் விழத் தொடங்கியிருந்தது. தண்ணீர் சூடானால் விரியும். இரும்பும் விரியும், ஆனால் அதைவிட மிகக் குறைவாக. காற்றே இல்லாத மூடிய குழாயில், விரிந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. அந்தக் குழாயின் அளவுக்குக் கணக்கிட்டால், தண்ணீரின் சராசரி வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ நாலரை கிலோ ஏறும். முழுக் குழாயும் சராசரியாக அரை டிகிரி சூடேறியதுதான் நாங்கள் பார்த்த 2.4 கிலோ. பத்து மணிவரை விட்டிருந்தால் 16 கிலோ வால்வுகளின் எல்லையைத் தாண்டியிருக்கும். உடனே வால்வைத் திறந்து ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் தண்ணீரை வடித்தோம். முள் 11.4-க்குத் திரும்பியது. சோதனை அழுத்தத்தைவிடச் சற்றே மேலே திறக்கும்படி ஒரு விடுவிப்பு வால்வை வைத்தே சோதிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மதுரை வெயிலில் அது இல்லாமல் பம்பைத் தொடக் கூடாது என்பது என் கருத்து.

இதன் மறுபக்கம் இன்னும் தொல்லையானது. மாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீரை மதியம் நிரப்பி, மாலையில் அழுத்தம் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், இரவில் தண்ணீர் குளிரும், முள் இறங்கும். காலையில் வந்து பார்த்தவர்கள் இல்லாத கசிவைத் தேடி நாள் முழுக்க அலைவார்கள். உண்மையான கசிவு ஒன்று இருந்து, வெயில் ஏற்றிய அழுத்தம் அதை ஈடுகட்டிவிட்டால், முள் அசையாமல் நின்று "எல்லாம் நலம்" என்று சொல்லும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, அதில் யாருக்கும் சந்தேகமே எழாது.

அதனால் அன்றைய சோதனையைக் கணக்கில் எடுக்காமல் அழுத்தத்தை இறக்கினோம். முன்னிரவிலேயே தண்ணீர் நிரம்பியிருக்கட்டும், இரும்பும் தண்ணீரும் இரவு முழுதும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும், வெளிச்சம் வந்ததும் தொடங்கி வெயில் மாடியைத் தொடும் முன் முடித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். நேரம், அழுத்தம், குழாயைத் தொட்டு அளந்த வெப்பநிலை, மூன்றும் ஒரே வரியில் எழுதும்படி நோட்டில் கட்டம் போட்டோம். வெப்பநிலை இல்லாத அழுத்தப் பதிவுக்குப் பொருள் கிடையாது.

பிளாஞ்சுக்கு எதிரே நிற்காதீர்கள்

அந்த விடியற்காலைக்கு முன் செய்ய வேண்டியவை சில இருந்தன. இயந்திரம், குளிர்க்காற்றுப் பெட்டிகளின் சுருள்கள், விரிவுத் தொட்டி, ரப்பர் இணைப்பான்கள் ஆகியவற்றைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டு, அந்த வாய்களில் தகடு வைத்து முடுக்க வேண்டும். வால்வை மூடிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. மூடிய வால்வு சற்று ஒழுகினாலும் முள் இறங்கும், எங்கே என்று தெரியாது.

தொங்கு கம்பிகள் எல்லாம் மாட்டியாயிற்றா என்று பார்க்க வேண்டும். அந்தக் குழாய் மீட்டருக்கு 21 கிலோ. உள்ளே வரும் தண்ணீர் கிட்டத்தட்ட 19 கிலோ. காலியாக நிற்கும்போது உறுதியாகத் தெரிந்தது, நிரம்பியதும் இரட்டை எடையாகிவிடுகிறது.

ஆறு அங்குல முனையை மூடிய தகட்டின்மேல் 12 கிலோ அழுத்தத்தில் விழும் மொத்த விசை இரண்டேகால் டன். அவ்வளவு சிறிய தகட்டின்மேல் இரண்டு கார்கள் நிற்பதுபோல. அதற்கு நேர் எதிரே எவரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். பிளாஞ்சு ஒழுகினால், அழுத்தம் இருக்கும்போதே போல்ட்டை முடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விட்டுப்போகும் போல்ட் ஏற்கனவே எல்லைவரை இழுபட்டு நிற்கும். ஸ்பானரின் ஒரு திருப்பு அதை முறித்துவிடும். முதலில் அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும், பிறகுதான் ஸ்பானர்.

முள்ளுக்குத் தெரியாதது

இரண்டாம் நாள் ஐந்தேமுக்காலுக்குத் தொடங்கினோம். முதலில் 3 கிலோ ஏற்றி ஒரு சுற்று வந்தோம். பிறகு 6. பிறகு 11.4. ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நிறுத்திப் பார்ப்பது, பெரிய பிழையைச் சிறிய அழுத்தத்திலேயே பிடித்துவிடத்தான். முழு அழுத்தத்தில் குறைந்தது 10 நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதித்தொகுப்பின் அளவு. எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு மணி நேரம். சில இடங்களில் 24 மணி நேரமும் கேட்பார்கள்.

கேஜ் அசையவில்லை. குழாயின் வெப்பநிலையும் மாறவில்லை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும் கட்டம். பிட்டரோ பழைய தினத்தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏணியோடு கிளம்பினார். ஒவ்வொரு வெல்டிங்கையும் முதலில் துணியால் துடைத்து உலர்த்துவார். சற்று நேரம் கழித்து வந்து தாளால் ஒற்றுவார். தாள் காய்ந்திருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு. மூன்றாம் மாடியில், சுவரை ஒட்டிய வெல்டிங்கின் அடிப்பக்கம், தாளில் கடுகளவு ஈரம். சின்னக் கண்ணாடியை இடுக்கில் நீட்டி டார்ச் அடித்தால் தெரிந்தது: ஊசிமுனை ஓட்டையில் ஒரு முத்து திரண்டு, நிமிடத்துக்கு ஒன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது.

இதை ஏன் கேஜ் காட்டவில்லை? நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் மணிக்கு 3 மில்லி. அந்தக் குழாயில் அழுத்தம் ஒரு கிலோ இறங்க 130 மில்லி வெளியேற வேண்டும். ஆக ஒரு மணி நேரத்தில் முள் 0.02 கிலோ இறங்கியிருக்கும். எங்கள் கேஜின் மிகச் சிறிய கோடே அரை கிலோ. முழு நாள் வைத்திருந்தாலும் ஒரு கோட்டைத்தான் தாண்டியிருக்கும். எட்டில் ஒரு பங்கு டிகிரி வெப்ப மாற்றம் அதையும் மறைத்துவிடும். 24 மணி நேரச் சோதனையை நம்பி உறை போட்டுவிட்டவர்களின் கூரையிலும் கறை வருவது இப்படித்தான். மணிக்கு 3 மில்லி என்பது ஆண்டுக்கு 26 லிட்டர், எல்லாம் உறைக்குள்.

ஆகவே வெல்டிங் செய்த இரும்புக் குழாய்க்கு ஏற்பு நிபந்தனை ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் கசிவு எங்கும் இருக்கக் கூடாது. "அரை கிலோ இறக்கம் பரவாயில்லை" என்பது அதற்கு மாற்றாகாது. முள் இறங்கினால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். முள் நின்றாலும் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். நீளமான குடிநீர்க் குழாய்களில் கதை கொஞ்சம் வேறு. லோயர்கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரை மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைப்பட்டிச் சுத்திகரிப்பு நிலையம்வரையே 95 கிலோமீட்டருக்கு மேல். இத்தகைய நெடுந்தூர வழியைப் பகுதி பகுதியாகத்தான் சோதிக்க முடியும். ரப்பர் வளைய இணைப்பு உள்ள குழாய்களில் குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் பொறுத்து ஒரு சிறு நீரிழப்புக்கு விதிகள் இடம் கொடுக்கின்றன. அங்கேயும் குழாயின் நடுப்பகுதியை மண்ணிட்டு அழுத்திவிட்டு, இணைப்புகளை மட்டும் திறந்த பள்ளமாக விட்டு வைப்பதே நல்ல வழக்கம். அங்கே மண் செய்வதை இங்கே உறை செய்கிறது.

துளை அடைத்த பிறகு

ஓட்டை விளிம்பைச் சுத்தியலால் தட்டி மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு மூடும், பம்பின் அதிர்வில் ஒரு மாதத்தில் திறந்துவிடும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது வெல்டிங் வைத்தாலும் நீராவி உலோகத்துக்குள் குமிழியாகிப் புதிய ஓட்டையாகும். அழுத்தத்தை இறக்கி, உச்சியில் காற்றுப்போக்கியைத் திறந்துவிட்டு, பிறகு அடியில் வடித்தோம். மேலே திறக்காமல் வடித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மெல்லிய தொட்டிகளை நசுக்கிவிடும். அந்த வெல்டிங்கை அடிவரை அரைத்தெடுத்து, காயவைத்து, புதிதாக வைத்தார்கள். பெயின்ட் அடிக்க விடவில்லை. ஒரு பூச்சு பிரைமர் ஊசி ஓட்டையைச் சோதனை நேரம் முழுக்க அடைத்துப் பிடித்துவிடும்; அதனால் வெல்டிங்குகளைச் சோதனை முடியும்வரை வெறுமனே விட வேண்டும்.

முன்னிரவிலேயே மறுபடி நிரப்பி, மூன்றாம் விடியற்காலை மறுபடி 11.4, மறுபடி தினத்தாள். மூன்றாம் மாடி இடுக்கில் தாள் உலர்ந்தே வந்தது. ஏழே முக்காலுக்கு அழுத்தத்தை இறக்கி நோட்டில் கையெழுத்திட்டோம். அன்று மதியம் வெல்டிங்குகளுக்குப் பிரைமர் அடித்தார்கள். அடுத்த நாள் உறை போடுபவர்கள் கறுப்பு ரப்பர்ச் சுருளோடு வந்தார்கள். சாக்பீஸ் கோடு இருக்கும் இணைப்புகளை மட்டும் மூடச் சொல்லியிருந்தது. மாடியில் ஒரு இணைப்பில் கோடு இல்லை என்று ஒரு பையன் இறங்கி வந்து கேட்டான். பிட்டர் மேலே போய்ப் பார்த்தார். பிரைமர் அடித்தபோது கோடு அழிந்திருந்தது. நோட்டில் அந்த இணைப்பின் எண்ணைத் தேடி, "உலர்" என்று எழுதியிருந்ததைக் காட்டிய பிறகுதான் அதன்மேல் உறை ஏறியது.